வீடியோ காலில் 5 பேர் சேர்ந்து ஆடும் புதிர் ஆட்டம்: லேப்டாப் ஒருத்தர்கிட்டதான் இருக்கு, எது சரிவரும்?

சனிக்கிழமை_சபை
வணக்கம். நாங்க 5 பேர், ஊர் ஊரா இருக்கோம். சனிக்கிழமை ராத்திரி 2 மணி நேரம் கூகுள் மீட்ல சேருவோம். எஸ்கேப் ரூம் மாதிரி எல்லாரும் சேர்ந்து மண்டையைக் குடையற ஆட்டம் ஒண்ணு வேணும். லேப்டாப் ஒருத்தர்கிட்ட மட்டும்தான், மத்த நாலு பேரும் போன். அஞ்சு பேரும் காசு கொடுத்து வாங்கணும்னா நடக்காது. ஒருத்தர் ஆட மத்தவங்க கொட்டாவி விடுற ஆட்டமும் வேண்டாம்.

இரட்டைச்சாவி
We Were Here வாங்குங்க. ரெண்டு பேரும் வேற வேற அறையில மாட்டிக்குவாங்க, கையில வாக்கி டாக்கி மட்டும். ஒருத்தர் பார்க்கிறதை இன்னொருத்தர்கிட்ட வாயால சொல்லித்தான் கதவு திறக்கணும். 2017-ல வந்த முதல் பாகம் ஸ்டீம்ல இலவசம். போன்ல ஆடணும்னா The Past Within இருக்கு. ஒருத்தர் இறந்த காலம், இன்னொருத்தர் எதிர்காலம். ரெண்டு சாதனத்துக்கும் நடுவுல இணைப்பே கிடையாது, பேச்சுதான் இணைப்பு. அதனால ஒருத்தர் போன், ஒருத்தர் லேப்டாப்னாலும் ஓடும்.

கத்தரி
இரட்டைச்சாவி சொன்னது நல்ல ஆட்டங்கள்தான், கேள்விக்குத்தான் பொருந்தவில்லை. இரண்டுமே சரியாக 2 பேருக்கு. பாஸ்ட் வித்தினில் இருவரும் தனித்தனியாக வாங்கவும் வேண்டும். 5 பேர் இருந்தால் மீதி 3 பேர் கொட்டாவிதான்.

உங்கள் நிபந்தனைக்கு அளவெடுத்துத் தைத்தது Keep Talking and Nobody Explodes. ஸ்டீல் கிரேட் கேம்ஸ் 2015-இல் வெளியிட்டது. வாங்க வேண்டியவர் ஒருவர் மட்டும். அவர் திரையில் ஒரு வெடிகுண்டு, அதில் மாட்யூல் எனப்படும் புதிர்ப் பெட்டிகள் பல. எதை வெட்டுவது, எதை அமுக்குவது என்று அவருக்குத் தெரியாது. அது முழுக்க 23 பக்க மேனுவலில் இருக்கிறது. அதை bombmanual.com-இல் யாரும் இலவசமாக இறக்கலாம், போனிலும் படிக்கலாம். மேனுவல் வைத்திருப்பவர்களுக்குக் குண்டு தெரியாது, குண்டு வைத்திருப்பவருக்கு மேனுவல் தெரியாது. ஆட்டமே அந்த இடைவெளிதான்.

இறக்கியதும் மேனுவலில் சரிபார்ப்பு எண் 241 என்று இருக்கிறதா பாருங்கள். ஆட்டத்திலும் அதே எண் காட்டும். இணையத்தில் ரசிகர்கள் மாற்றி எழுதிய மேனுவல்கள் உலவுகின்றன. அதைப் பார்த்துச் சொன்னால் விதி எல்லாம் சரியாகப் படித்தும் குண்டு வெடிக்கும், ஏன் என்று யாருக்கும் புரியாது.

ஜன்னலோரம்
இது தெரிஞ்ச ஆட்டம்தான். லேப்டாப்காரர் ஸ்கிரீன் ஷேர் போட்டுட்டா வேலை இன்னும் சுலபம், எல்லாரும் குண்டைப் பார்த்துக்கிட்டே மேனுவல் படிக்கலாம். அதோட 3 தப்பு வரைக்கும் அனுமதி உண்டு, அதனால சந்தேகமா இருந்தா ஒரு வயரை வெட்டிப் பார்த்துடலாம். ரொம்ப அலட்டிக்க வேண்டாம்.

கத்தரி
ஷேர் போட்டால் சுலபம் என்பது சரிதான், ஆனால் அப்புறம் ஆட்டம் என்று எதுவும் மிஞ்சாது. நான்கு வயரைப் பார்த்துக்கொண்டே பட்டியலில் தேடுவது வங்கிப் படிவம் நிரப்புவது போல.

தப்பு விஷயத்தில் பாதிதான் சரி. ஆரம்பக் குண்டுகளில் மூன்றாவது தப்பில்தான் வெடிக்கும், உண்மை. ஆனால் ஒவ்வொரு தப்புக்கும் கடிகாரம் வேகமெடுக்கும். திரையில் 2 நிமிடம் என்று இருந்தாலும் கையில் இருப்பது அதைவிடக் குறைவு. சில குண்டுகளில் முதல் தப்பே கடைசி.

முதல் குண்டு 5 நிமிடம், 3 மாட்யூல்: வயர், பட்டன், குறியீட்டுப் பலகை. ஒரு குண்டை முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன், விதி எப்படி வேலை செய்கிறது என்று பிடிபடும்.

குண்டைக் கையில் எடுத்ததும் மாட்யூலுக்குப் போகக் கூடாது. முதலில் பக்கவாட்டைத் திருப்பிப் பார்த்து மூன்று தகவலைச் சொல்ல வேண்டும். சீரியல் எண் KT4NE7, பேட்டரி 2, விளக்கு எரியும் பட்டை FRK என்று வைத்துக்கொள்வோம். மேனுவல்காரர்களில் ஒருவர் இதைத் தாளில் எழுதிவைப்பார். கடைசி வரை இந்த மூன்றும் வேண்டியிருக்கும்.

வயர்: மேலிருந்து சிவப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள். நான்கு வயருக்கான விதிகளை மேலிருந்து கீழே படிக்க வேண்டும், முதலில் பொருந்துவதே விடை. "ஒன்றுக்கு மேல் சிவப்பு, சீரியலின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் கடைசிச் சிவப்பை வெட்டு." இங்கே 7, ஒற்றைப்படை. எனவே மூன்றாவது வயர். இதே குண்டின் சீரியல் 6-இல் முடிந்திருந்தால் அந்த விதி விழுந்துவிடும். அடுத்தது, கடைசி வயர் மஞ்சளாக இருந்து சிவப்பே இல்லாவிட்டால் என்பது. நம்மிடம் சிவப்பு இருக்கிறது, அதுவும் விழும். அதற்கடுத்தது, நீலம் சரியாக ஒன்றே ஒன்று என்றால் முதல் வயரை வெட்டு. ஆக விடை முதல் வயர். வயர் நான்கும் அதேதான், சீரியலின் ஒரு இலக்கம் விடையையே மாற்றிவிட்டது. சீரியல் கேட்காமல் வயர் வெட்டச் சொல்பவர்தான் முதல் வாரம் குண்டை வெடிக்க வைப்பவர்.

பட்டன்: நீல நிறம், மேலே Hold என்ற எழுத்து. இதில் இரண்டு கண்ணி இருக்கிறது. FRK எரிகிறது, பேட்டரி "2-க்கு மேல்" என்றால் அமுக்கி உடனே விடு என்று ஒரு விதி. நம்மிடம் 2 இருக்கிறது, 2-க்கு மேல் இல்லை. அவசரத்தில் படிப்பவர் இதை "2 இருந்தால்" என்று சொல்லிவிடுவார். இரண்டாவது, Hold என்று எழுதி இருப்பதால் பிடி என்று அர்த்தம் கிடையாது. சிவப்பு பட்டனில் Hold என்று இருந்தால் உடனே விட வேண்டும் என்றுதான் விதியே. நம் நீல பட்டனுக்கு எந்த விதியும் பொருந்தாமல் கடைசி விதிக்கு வருகிறோம்: அமுக்கிப் பிடி. பிடித்ததும் பக்கத்தில் ஒரு பட்டை மஞ்சளாக எரிகிறது. மஞ்சள் என்றால் கடிகாரத்தில் எந்த இடத்திலாவது 5 இருக்கும்போது விட வேண்டும். இப்போது 3:41 ஓடுகிறது என்றால் 3:35 வரை பிடித்திருக்க வேண்டும்.

குறியீட்டுப் பலகை: நான்கு பட்டனில் நான்கு விசித்திரக் குறிகள். மேனுவலில் 6 நெடுவரிசை. நான்கு குறியும் ஒன்றாக உள்ள நெடுவரிசை ஒன்றுதான், அதில் மேலிருந்து கீழாக வரும் வரிசையில் அமுக்க வேண்டும். நான்கையும் விவரித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உள்ளே வெள்ளையான நட்சத்திரம், தலைகீழ்க் கேள்விக்குறி (¿) இரண்டும் சேர்ந்து வருவது இரண்டாவது நெடுவரிசையில் மட்டும். நட்சத்திரம் இரண்டு உண்டு, ஒன்று வெறும் கோடு, ஒன்று முழுக்கக் கறுப்பு. "நட்சத்திரம்" என்று மட்டும் சொன்னால் போதாது. நடுவில் புள்ளி வைத்த C-யும் அப்படித்தான், நேராக ஒன்று, திரும்பிப் பார்த்து ஒன்று.

சனிக்கிழமை_சபை
அருமை. ஒரு சந்தேகம். எங்க கால்ல ஒரு செகண்ட் தாமதம் இருக்கும், சில நேரம் அதுக்கும் மேல. பட்டன்ல 5 வரும்போது "விடு"னு சொன்னா அவனுக்குக் கேக்குறப்ப 4 ஆகியிருக்குமே?

கத்தரி
அதனால்தான் "இப்போ விடு" என்று யாரும் சொல்லக் கூடாது. "கடிகாரத்தில் 5 தெரியும்போது விடு" என்று விதியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கடிகாரம் அவர் கண்ணெதிரில் இருக்கிறது. நேரம் பார்க்கும் வேலை எல்லாமே குண்டுக்காரர் பக்கம்தான், அதனால் இந்த ஆட்டம் மோசமான இணைப்பிலும் ஓடுகிறது. ஸ்கிரீன் ஷேர் போட்டால் நாலு பேரும் தாமதமாக வரும் கடிகாரத்தைப் பார்த்து "இப்போ, இப்போ" என்று கத்துவீர்கள். அதற்காகவும்தான் வேண்டாம் என்றேன்.

உயிர்மெய்
கத்தரி சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு, தமிழ்ல பேசி ஆடுறவங்களுக்கு அதுதான் பெரிய வினை. மேனுவல் இங்கிலீஷ், பேச்சு தமிழ். நம்ம மொழியில முக்கியமான சேதி சொல்லோட வால்ல இருக்கு. கால்ல முதல்ல அறுபடுறது வால்தான்.

"மூணாவதை வெட்டாத" அப்படின்னு சொல்றீங்க. கடைசி எழுத்துகள் விழுந்துட்டா கேக்குறது "மூணாவதை வெட்டு". இணைப்பு சரியா இருந்தாலும் கையில கட்டரோட காத்திருக்கிறவர் "வெட்" வரைக்கும் கேட்டதுமே வெட்டிடுவார். அதனால எதிர்மறை ஏவலே கூடாது. வெட்டணும்னா "வெட்டு", வேண்டாம்னா "விடு". ரெண்டு சொல்லும் முதல் அசையிலேயே பிரியுது. சிக்கல் வயர் மாட்யூல்ல ஒவ்வொரு வயருக்கும் தனித்தனியா தீர்ப்பு சொல்லணும், அங்க இது இல்லாம முடியாது. ஆனா ஒண்ணு, பட்டன் மாட்யூல்ல "விடு"க்கு வேற அர்த்தம். அங்க "கையை எடு"ன்னு மாத்திக்குங்க.

அடுத்தது மெமரி மாட்யூல். மேல ஒரு எண் காட்டும், கீழ 1-லிருந்து 4 வரை எழுதின நாலு பட்டன் கலைஞ்ச வரிசையில இருக்கும், 5 கட்டம். சில கட்டத்துல "நாலாவது இடத்துல இருக்கிற பட்டன்"னு விதி, சிலதுல "4-ன்னு எழுதின பட்டன்"னு விதி. தமிழ்ல அது "நாலாவதை அமுக்கு", "நாலை அமுக்கு". நடுவுல இருக்கிற "ஆவது" போச்சுன்னா ரெண்டும் ஒண்ணு. தப்பா அமுக்கினா ஒரு தப்பு விழுறதோட முதல் கட்டத்துக்கே திரும்பப் போகும். அதனால "இடம் நாலு", "எண் நாலு"ன்னு தலையில சொல்லை வையுங்க. இந்த "இடம்" வந்ததுக்கு அப்புறம் "இடப்பக்கம்"னு சொல்லாதீங்க. "லெஃப்ட்", "ரைட்"டுன்னே சொல்லிடுங்க, தமிழ்த்தாய் கோவிச்சுக்க மாட்டாள்.

மெமரியில அமுக்கின ஒவ்வொரு தடவையும் குண்டுக்காரர் ரெண்டையும் சொல்லணும், "இடம் 2, எண் 3"ன்னு. ஒருத்தர் அஞ்சு கட்டத்தையும் எழுதணும். பின்னால வர்ற கட்டங்கள் "முதல் கட்டத்துல அமுக்கின அதே இடம்"னு கேக்கும். அப்ப யாருக்கும் நினைவிருக்காது.

ஜன்னலோரம்
"விடு" ஐடியா நல்லா இருக்கு. அந்த யு ஆர், யுவர் மாட்யூலுக்கும் ஏதாவது வழி சொல்லுங்க. அதுலதான் சண்டையே வருது.

உயிர்மெய்
அதுக்குப் பேரு Who's on First. திரையில ஒரு சொல், கீழ ஆறு பட்டன்ல ஆறு சொல். திரைச் சொல்லை வச்சு எந்தப் பட்டனைப் படிக்கணும்னு பார்க்கணும். அந்தப் பட்டன்ல இருக்கிற சொல்லுக்கு ஒரு பட்டியல் இருக்கு. அந்தப் பட்டியல்ல முதல்ல வர்ற, பலகையிலயும் இருக்கிற சொல்லை அமுக்கணும். மூணு சுற்று.

வில்லங்கம் சொற்கள்ல. YOUR, YOU'RE, YOU ARE, UR நாலும் வாயில ஏறக்குறைய ஒண்ணு. READ, RED, REED அதே கதை. சொல்லை உச்சரிக்கவே கூடாதுன்னு ஒரு விதி வையுங்க. முதல்ல எழுத்து எத்தனை, அப்புறம் எழுத்தெழுத்தா. "நாலு எழுத்து, ஒய், ஓ, யு, ஆர்." YOU'RE வந்தா "அஞ்சு எழுத்து, நடுவுல மேல்புள்ளி". YOU ARE வந்தா "ரெண்டு சொல்". எண்ணிக்கை முதல்ல வந்ததும் கேக்குறவர் பாதிப் பட்டியலைக் கழிச்சிடலாம்.

திரையில ஒண்ணுமே இல்லாமலும் வரும். BLANK-னு எழுதியும் வரும், NOTHING-னு எழுதியும் வரும். மூணும் வேற வேற. திரை காலியா இருந்தா இடதுபக்கம் கீழ் பட்டன், BLANK-னா வலதுபக்கம் நடு, NOTHING-னா இடதுபக்கம் நடு. குண்டுக்காரர் "ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிட்டா ஒரு ஆள் காலின்னு பார்ப்பார், ஒரு ஆள் NOTHING-னு பார்ப்பார், இன்னொரு ஆள் என்னப்பா பிரச்சினை இல்லையான்னு கேப்பார். "திரை காலி"ன்னு மட்டும் சொல்லுங்க. மத்த ரெண்டையும் எழுத்தெழுத்தா.

மாடித்தோட்டம்
நானே கூகுள் ஃபார்ம்ல ஒரு எஸ்கேப் ரூம் செஞ்சுக்கிட்டு இருக்கேன். ஒவ்வொரு பகுதிக்கும் விடை சரியா இருந்தா மட்டும் அடுத்த பகுதி திறக்கும். விடை "கொடி". எனக்குத் திறக்குது, நண்பர் ஒருத்தருக்கு அதே சொல்லை அடிச்சாலும் திறக்கலை. இந்த இழையில கேக்கலாமா?

கத்தரி
கேட்டாகிவிட்டது, பரவாயில்லை. பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, போன் விசைப்பலகை சொல்லுக்குப் பின்னால் தானாக ஓர் இடைவெளி வைக்கும். கண்ணுக்குத் தெரியாது, பூட்டுக்குத் தெரியும். இரண்டு, "கொ" யூனிகோடில் இரண்டு விதமாக உருவாகலாம்: ொ ஒரே குறியாக, அல்லது ெ, ா தனித்தனியாக. திரையில் ஒன்றுபோல் இருக்கும், ஒப்பிடும்போது வேறுபடலாம். பழைய விசைப்பலகைகளில் இந்த இரண்டாவது வகை வரும்.

Response validation-இல் Regular expression, Matches தேர்ந்தெடுத்து இப்படிப் போடுங்கள்:

```
\s*(கொடி|kodi|Kodi)\s*
```

இடைவெளிப் பிரச்சினை இதில் தீரும். எழுத்துப் பிரச்சினைக்குப் பிரிந்த வடிவத்தையும் இன்னொரு | போட்டுச் சேர்க்க வேண்டும். அதைவிட விடையை எண்ணாக மாற்றிவிடுவது மேல். கொடியில் எத்தனை பூ என்று கேளுங்கள். இன்னொன்று, பக்கத்தின் மூல நிரலைத் திறந்தால் அந்த விதி அப்படியே தெரியும். உங்கள் கூட்டத்தில் அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார்.

சனிக்கிழமை_சபை
நன்றி. நாங்க அஞ்சாவது குண்டு வரைக்கும் பழகினதும் மோர்ஸ் வரும்னு கேள்விப்பட்டேன். எங்கள்ல யாருக்கும் மோர்ஸ் தெரியாது. அதோட நாலு பேர் மேனுவல் படிச்சா ஒரே இரைச்சலா இருக்காதா?

கத்தரி
மோர்ஸ் தெரிய வேண்டாம். மேனுவலில் மொத்தம் 16 சொற்கள்தான், அவற்றில் ஒன்று விளக்காக மின்னிக்கொண்டே இருக்கும். முதல் எழுத்தே பாதி வேலையை முடிக்கும். H, T, L, F, V இந்த ஐந்தில் ஏதாவது வந்தால் அப்போதே விடை தெரிந்துவிட்டது. அந்த எழுத்தில் தொடங்கும் சொல் ஒன்றுதான் உண்டு. மீதி 11 சொல்லும் S அல்லது B. H வந்தால் சொல் halls, அலைவரிசை 3.515. அதை வைத்து TX பட்டனை அமுக்கினால் முடிந்தது.

எங்கே சறுக்கும் என்றால், சொல் சுழன்றுகொண்டே இருப்பதால் நடுவில் நுழைந்தவர் இரண்டாம் எழுத்தை முதல் எழுத்து என்று நினைப்பார். சொல் முடிந்ததும் நீண்ட இருட்டு வரும், அதற்கு அப்புறம் வருவதே தொடக்கம். மின்னும்போதே "டிட், டா" என்று நேரலையில் சொல்லாதீர்கள், கால் அதைத் தின்றுவிடும். S மூன்று புள்ளி, H நான்கு புள்ளி. ஒரு புள்ளி தொலைந்தால் விடை மாறிவிடும். குண்டுக்காரர் தாளில் எழுதிக்கொண்டு, "புள்ளி நாலு" என்று எண்ணிச் சொல்லட்டும்.

இரைச்சலுக்கு: ஒரே நேரத்தில் இருவர் பேசினால் கால் செயலியே ஒரு குரலை அமுக்கிவிடும், அது பெரும்பாலும் விடை சொல்பவர் குரலாகவே இருக்கும். மாட்யூல்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். வயர் வகைகள் ஒருவர், சொல் சம்பந்தப்பட்டவை ஒருவர், குறியீடும் புதிர்வழியும் ஒருவர். நான்காமவர் சீரியல், பேட்டரி, மெமரி எழுதுபவர். முறை இல்லாதவர் மைக்கை மூடட்டும். ஒவ்வொரு குண்டுக்கும் ஆள் மாறுங்கள்.

இரட்டைச்சாவி
இன்னொண்ணு, கூகுள் மீட் இலவசக் கணக்குல 3 பேரோ அதுக்கு மேலயோ சேர்ந்தா 60 நிமிஷம்தான், ஜூம்ல 40. குண்டு நடுவுல கால் அறுந்தா கடிகாரம் உங்களுக்காக நிக்காது. அம்பத்தஞ்சாவது நிமிஷத்துல புதுக் குண்டு எடுக்காதீங்க.

ஜன்னலோரம்
எல்லாம் சரி. ஆனா மாட்யூலைப் பிரிச்சுக்கிறதுல எனக்கு உடன்பாடில்ல. குறியீட்டுப் பலகையே வராத குண்டுன்னா அந்த ஆள் 5 நிமிஷமும் சும்மா உட்கார்ந்திருக்கணும். சபை கேட்டதே கொட்டாவி வரக்கூடாதுன்னுதானே?

உயிர்மெய்
அதுல ஞாயம் இருக்கு. ஒரு ஆள் படிக்க, இன்னொரு ஆள் அதே பக்கத்தை வச்சு விதி வரிசை தப்பாம போகுதான்னு சரிபார்க்கலாம், ஜோடி ஜோடியா. "2-க்கு மேல்" மாதிரி கண்ணி அங்கதான் மாட்டும். ஆனா முதல் மூணு நாலு குண்டுக்குக் கத்தரி சொன்ன மாதிரி தனித்தனியா பிரிச்சாதான் பக்கத்தைத் தேடாம படிக்க வரும்.

கத்தரி
ஜோடி முறையில் குண்டுக்கு ஒரு நிமிடமாவது கூடுதலாகப் போகும். 5 நிமிடக் குண்டில் அது தாங்கும், பின்னால் வருபவற்றில் எனக்குச் சந்தேகம்தான்.

சனிக்கிழமை_சபை
இந்த வாரம் பிரிச்சு ஆடுறோம், அடுத்த வாரம் ஜோடி. மேனுவல் எல்லார் போன்லயும் இறக்கியாச்சு, 241 இருக்கு.